கிராமத்து வீட்டுக்கு ஓர் உண்மையான விளம்பரம்

தென்காசி மாவட்டத்தில் பண்பொழிக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் என் லாத்தாவின் வீடு இருக்கிறது. ஓடு வேய்ந்த பழைய வீடு. முன்னால் நீண்ட திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, அதற்கப்பால் வயல். மச்சான் வளைகுடாவிலிருந்து முதுகுவலியோடு திரும்பிய பிறகு, முன்கட்டில் இருந்த 2 அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் குடும்பங்கள் விடுதியின் நெரிசலை விட்டு ஒரு வீட்டில் தங்க விரும்புவதுண்டு. மகளின் கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் இந்த 2 அறைகளை நம்பியே இருந்தது.

இணையத்தில் முதல் விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவர் நகரத்து முகவர் ஒருவர். "அனைத்து நவீன வசதிகளும் கொண்ட, அமைதி தவழும் கிராமத்து இல்லம், குற்றாலத்திலிருந்து சில நிமிடங்களில்" என்பது அவருடைய வாசகம். வசதி, அமைதி, தூரம் என்று விருந்தினர் கவலைப்படும் மூன்று விஷயங்களிலும் அது உண்மையைச் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் வயது முதிர்ந்த தாயாரோடு ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த அறையின் கழிப்பறை முற்றத்துக்கு வெளியே இருந்தது. அதுவும் குந்தி அமரும் வகை. அந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. இரவு 9 மணிக்கு மழையில் அவர்கள் வேறு இடம் தேடிப் புறப்பட்டார்கள். லாத்தா முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அந்தக் குடும்பம் இணையத்தில் எழுதிய கசப்பான கருத்து அங்கேயே நின்றது. எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அதன் பிறகுதான் லாத்தா என்னை அழைத்தார். "தம்பி, எழுத்து வேலை உனக்கு வரும். நீயே எழுதிக் கொடு. ஆனா குறையை எல்லாம் சொன்னா யாரு வருவா? அதையும் யோசிச்சுக்க" என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடியே ஒரு வியாழனன்று அங்கே சென்று 4 நாள் தங்கினேன். கையில் ஓர் அளவு நாடா, கடிகாரம், குறிப்பேடு.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்துவிட்டது என்று சொன்ன வணிகரிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நிகழ்ச்சி நம் பிள்ளைகளும் அறிந்ததே. விளம்பரம் எழுத உட்காரும்போது அந்தக் கேள்வியின் ஒரு சொல் எனக்கு மிகவும் பயன்பட்டது: "மேலே". குறையை எங்கோ கடைசி வரியில், சிறிய எழுத்தில் ஒளித்துச் சொல்வதும் சொல்லாததற்குச் சமம்தான். விருந்தினர் பணம் கட்டுவதற்கு முன் கட்டாயம் படிக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

முதலில் பழுதுபார்ப்பு, பிறகு எழுத்து

முதல் நாள் எதையும் எழுதவில்லை. வீட்டைச் சுற்றி வந்து குறைகளைப் பட்டியலிட்டு, அதை இரண்டாகப் பிரித்தோம். சிறு செலவில் தீர்ந்துவிடக் கூடியவை ஒருபுறம். வீட்டின் இயல்போடு சேர்ந்தவை மறுபுறம். வெளிக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது. போகும் வழியில் விளக்கில்லை. வாசற்படி பாசி பிடித்து வழுக்கியது. உள் குளியலறையின் காற்றுச் சாளரம் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடிய உயரத்தில், தெளிந்த கண்ணாடியோடு இருந்தது. இவற்றை விளம்பரத்தில் எழுதி மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை. தச்சரும் மின்பணியாளரும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். சாளரத்துக்கு ஒளி புகும், உருவம் தெரியாத கண்ணாடி மாற்றப்பட்டது.

வெளிக் கழிப்பறை வெளியில்தான் இருக்கும். தெரு குறுகலாகத்தான் இருக்கும். மயில் விடியலில் அகவத்தான் செய்யும். மாற்ற முடியாத இவைதாம் விளம்பரத்துக்கு உரியவை. இவற்றை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகளைச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன். குறை எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு, எப்போது நேரும் என்பதற்கு ஒரு நேரம், அதற்கு நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு. "குளியலறை சற்றே எளிமையானது" என்ற வாக்கியம் பணிவாகத் தோன்றினாலும் விருந்தினருக்கு ஒன்றும் சொல்வதில்லை. "முற்றத்தைத் தாண்டி 22 அடிவைப்பு, இரவு முழுவதும் விளக்கெரியும்" என்றால் அவர் தம் தாயாரை மனக்கண்ணில் நடக்கவிட்டுப் பார்த்து முடிவெடுத்துக்கொள்வார்.

குளியலறை

வாடகைத் தளங்களின் படிவத்தில் குளியலறை பற்றி மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: அறையோடு இணைந்தது, உங்களுக்கு மட்டுமே உரியது ஆனால் வெளியில் உள்ளது, பிறரோடு பகிர்ந்துகொள்வது. முகவர் இரண்டு அறைகளுக்கும் முதல் வகையைக் குறித்திருந்தார். உண்மையில் வயல் பார்த்த அறைக்கு மட்டுமே இணைந்த குளியலறை உண்டு. தெருப் பக்க அறைக்கு இரண்டாவது வகை. இந்த ஒரு திருத்தமே முக்கியமான பாதி வேலையை முடித்தது; ஏனெனில் பலர் விளக்கத்தைப் படிப்பதற்கு முன்பே இந்தக் குறியை வைத்துத்தான் வீடுகளை வடிகட்டுகிறார்கள். தெருப் பக்க அறையைத் தனி விளம்பரமாகப் பிரித்து, குறைந்த வாடகையில் போட்டோம்.

பிறகு அளந்தோம். உள் குளியலறை 4 அடி அகலம், 6 அடி நீளம். நாற்காலி போல் அமரும் கழிப்பறை, கைத்தெளிப்பான், வாளியும் குவளையும், பெரியவர் அமர்ந்து குளிக்க ஒரு முக்காலி. கழிப்பிடத்துக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பில்லை. ஒருவர் குளித்த பின் தரை முழுதும் நனைந்திருக்கும். ஒளூச் செய்யவும் குழந்தைகளைக் கழுவிவிடவும் முற்றத்தில் தனிக் குழாய் இருக்கிறது. அது நம் குடும்பங்களுக்கு ஒரு வசதி. ஆகவே அதுவும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். குறையை எழுதும் முனைப்பில் இருக்கிற நன்மையை விட்டுவிடுவதும் துல்லியமாகாது.

வெந்நீரைப் பற்றி "24 மணி நேரமும் வெந்நீர்" என்று எழுதியிருந்தார் முகவர். அங்கிருப்பது 15 லிட்டர் கொதிகலன். அதில் நன்றாகக் காய்ந்த நீரைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் சூட்டில் ஏறத்தாழ 2 வாளி கிடைக்கும். அதாவது இருவர் குளிக்கலாம். மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். பகலில் 20 நிமிடம். மாலையில், ஊர் முழுவதும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுவதால் அரை மணி. ஐந்து பேர் கொண்ட குடும்பம் காலையில் வரிசையாகக் குளித்துப் புறப்பட எண்ணினால், இந்தக் கணக்கு தெரியாமல் சண்டை வரும். லாத்தா இதற்கு எளிய வழி சொன்னார்: "சுபுஹுக்கே அடுப்புல அண்டாவை ஏத்திருவேன். வாளி வாளியா எடுத்துக்கட்டும்." அந்த வழியும் விளம்பரத்தில் ஏறியது. விறகடுப்பு வெந்நீர் பல நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதுமை. குறைக்குச் சொன்ன மாற்றே சிலருக்கு ஈர்ப்பாகவும் அமைந்தது.

படங்களிலும் அதே நேர்மை வேண்டும். கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்தால் 4 அடிக் குளியலறை கூடம் போல் தெரியும். அதனால் சாதாரணக் கோணத்தில், கதவருகே நின்று, பகல் வெளிச்சத்தில் எடுத்தோம். உள்ளே வாளியும் முக்காலியும் இருந்தால் பார்ப்பவர் கண் தானே அளந்துகொள்ளும். வெளிக் கழிப்பறைக்கு 2 படங்கள்: ஒன்று உள்ளே, மற்றொன்று அறை வாசலில் நின்று முற்றத்துக்கு அப்பால் அது தெரியும்படி, இரவில், விளக்கெரியும்போது. லாத்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. "கக்கூஸைப் போய் படம் பிடிச்சுப் போடுவாங்களா?" என்று கேட்டார். அந்த இரவில் கிளம்பிப் போன அம்மாவை நினைவூட்டினேன். அதன் பிறகு அவர் தடுக்கவில்லை.

ஓசை

"அமைதி" என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து முற்றாக நீக்கிவிட்டேன். கிராமம் அமைதியானது என்பது நகரத்தார் எண்ணம். கிராமத்துக்கு வேறு நேரங்களில் வேறு ஓசைகள் இருக்கின்றன, அவ்வளவே. இரண்டாம் நாள் இரவு திண்ணையிலும், மூன்றாம் நாள் இரவு வயல் பக்க அறையிலும் படுத்து, கேட்டவற்றை நேரத்தோடு குறித்தேன்.

இரவு 10 மணிக்கு மேல் விடியற்காலை 4 மணி வரை மெய்யாகவே வண்டி ஓசை இல்லை. மழை பெய்திருந்தால் வயலில் தவளைகள் கத்தும். பழகாதவருக்கு அது பெரும் இரைச்சல். 4 மணிக்குப் பக்கத்து வீட்டுச் சேவல். 5 மணியை ஒட்டிப் பள்ளிவாசலின் பாங்கு. பள்ளி 150 மீட்டர் தொலைவுதான். ஒலிபெருக்கி இந்தப் பக்கம் பார்த்தது. நமக்கு அது எழுந்துகொள்ளும் அழைப்பு. ஆனால் விருந்தினர் எல்லாச் சமயத்தவரும் ஆவர்; அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வது நம் கடமை. பொழுது புலரும்போது வயலில் மயில்கள் அகவும். 6 மணிக்குக் கிணற்று மோட்டார் 25 நிமிடம் ஓடும். 7 மணிக்கு முதல் பேருந்து வளைவில் ஒலிப்பானை அடித்துக்கொண்டு திரும்பும்.

இவை அன்றாடம் வருபவை. பருவத்தில் மட்டும் வருபவை வேறு. ஆடிக் காற்று கணவாய் வழியே வீசும்போது ஓடுகள் கலகலக்கும். தென்னை மட்டை விழும் ஓசை இடி போலிருக்கும். ஊர் அம்மன் கோயிலின் கொடை விழா நாள்களில் மேளமும் பாட்டும் இரவு முழுவதும் தொடரும். கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கி உண்டு. அதில் நம் தெருவும் விதிவிலக்கன்று. கொடை நாளைச் சில வாரங்களுக்கு முன்பே ஊரில் சொல்லிவிடுவார்கள். எனவே அந்த இரவுகளுக்கு முன்பதிவு செய்திருப்பவர்களிடம் லாத்தா தொலைபேசியில் தெரிவிப்பது, விரும்பினால் முழுப் பணத்தோடு நாளை மாற்றித் தருவது என்று ஓர் ஏற்பாடு செய்தோம். சிலர் விழாவைப் பார்ப்பதற்காகவே அந்த நாளைக் கேட்கக்கூடும்; அதையும் முன்கூட்டிச் சொன்னால்தான் தெரியும்.

ஓசையை அளக்கும் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. நான் அவற்றின் எண்ணை விளம்பரத்தில் போடவில்லை. கைப்பேசிக்குக் கைப்பேசி அது மாறும். அந்த எண் படிப்பவருக்குப் பொருள்படுவதும் இல்லை. மணியும் மூலமும் சொன்னால் போதும். ஒரே வீட்டில் இரு அறைகளுக்கும் உள்ள வேறுபாடு அதைவிட முக்கியமானது. தெருப் பக்க அறையில் பாங்கும் பேருந்தும் தெளிவாகக் கேட்கும். வயல் பக்க அறையில் அவை மங்கிவிடும். ஆனால் மோட்டாரும் மயிலும் தவளையும் அங்கேதான் மிகுதி. மோட்டாருக்கு மட்டும் ஒரு தீர்வு இருந்தது: விருந்தினர் இருக்கும் நாள்களில் முந்தைய மாலையே தொட்டியை நிரப்பிவிடுவது. பணம் செலவில்லாமல் பட்டியலிலிருந்து ஓர் ஓசை குறைந்தது.

தளத்தின் படிவத்தில் "ஓசை இருக்கக்கூடும்" என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் குறித்தால் விருந்தினர் ஓடிவிடுவார் என்று மச்சான் அஞ்சினார். வெறும் குறியோடு விட்டால் அவர் அச்சம் மெய்யாகலாம். படிப்பவர் நெடுஞ்சாலை லாரிகளைக் கற்பனை செய்துகொள்வார். கீழே உள்ள விளக்கத்தில் சேவல், பாங்கு, மயில் என்று எழுதிவிட்டால் அச்சம் அளவுக்குள் வந்துவிடும்.

வழியும் நேரமும்

"நகரத்திலிருந்து அரை மணி" என்ற வாசகத்தில் இரண்டு கேள்விகள் விடுபட்டுள்ளன: நகரத்தில் எங்கிருந்து, எந்த நேரத்தில்? தென்காசி ரயில் நிலையத்திலிருந்து வீடு 18 கிலோமீட்டர். செங்கோட்டை வழியாக வர வேண்டும். நண்பரின் காரில் 3 முறை ஓட்டிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு 35 நிமிடம். சனிக்கிழமை முற்பகல் 11 மணிக்குச் செங்கோட்டைக் கடைத்தெரு நெரிசலோடு 50 நிமிடம். சாரல் காலத்து ஞாயிறு மாலை 5 மணிக்கு, குற்றாலத்திலிருந்து திரும்பும் வண்டிகளுக்கு நடுவே 1 மணி 15 நிமிடம். கைப்பேசி வரைபடம் முந்தைய இரவில் இதே வழிக்கு 34 நிமிடம் என்றுதான் காட்டியது. அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் இரவில் பார்த்துத் திட்டமிட்டு, ஞாயிறு மாலை புறப்படுபவருக்கு ரயில் தவறிவிடும். எனவே விளம்பரத்தில் மூன்று நேரங்களையும் எழுதினேன்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் ஒரு நன்மையும் தென்பட்டது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு வண்டி காலையில் தென்காசிக்கு வந்து, செங்கோட்டையில் பயணத்தை முடிக்கிறது. முகவர் எல்லோரையும் தென்காசியில் இறங்கச் சொல்லியிருந்தார். செங்கோட்டை வரை வந்து இறங்கினால் சாலைப் பயணம் 18 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைகிறது. ஆட்டோவில் 25 நிமிடம். தூரத்தை உண்மையாக அளக்கும்போது குறை மட்டுமன்று, குறுக்குவழியும் கிடைக்கும்.

பேருந்தில் வருபவருக்குக் கணக்கு வேறு. தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு அடிக்கடி பேருந்து உண்டு. அங்கிருந்து ஊருக்கு வரும் நகரப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பையும் சேர்த்து ஒன்றரை மணி என்று எழுதினோம். இரவு எட்டரை மணிப் பேருந்தை விட்டால் ஆட்டோதான்.

கடைசி 600 மீட்டர்தான் பலரையும் திணறடித்தது. தெரு 7 அடி அகலம். ஆட்டோ வரும், கார் வந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டு எதிரில் யாரும் வராமல் வேண்டிக்கொள்ள வேண்டும். பெரிய காரைப் பள்ளிவாசல் மைதானத்தில் நிறுத்தலாம். பள்ளிப் பொறுப்பாளர்களிடம் மச்சான் முறையாக இசைவு வாங்கினார். பெட்டிகளை ஏற்றிவர ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. இதற்கும் ஒரு படம்: தெருமுனையில் ஆட்டோ நிற்க, இருபுறமும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது தெரியும்படி. வரைபடத்தில் வீட்டின் புள்ளி வயலுக்கு நடுவே விழுந்திருந்தது. அதை வாசலுக்கு நகர்த்தினோம்.

குற்றாலத்துக்கும் இதே முறைதான். சாதாரண நாளில் 40 நிமிடம்; சாரல் காலத்து ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் தேடுவதோடு 2 மணி நேரம் வரை. வெள்ளம் பெருகினால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் பொறுப்பல்லர்; ஆயினும் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர் வீட்டையும் சேர்த்தே குறை சொல்வார்.

எழுதி முடித்த விளம்பரம்

நான்காம் நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். தலைப்பில் பெருமைச் சொற்களைத் தவிர்த்தேன். கைப்பேசித் திரையில் முதல் நான்கைந்து சொற்களே தெரியும். அவை வீட்டை மற்ற வீடுகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். முதல் பத்தியில் இந்த வீட்டில் மட்டுமே கிடைப்பது எது என்று சொல்லி, அடுத்த பத்தியிலேயே குறைகளுக்குப் போய்விட்டேன். வயல் பக்க அறையின் விளம்பரம் இது:

"மலையடிவார ஓட்டு வீடு, வயல் பார்த்த அறை

காலையில் சன்னலைத் திறந்தால் வயல். வயலுக்கு அப்பால் மலை. சாரல் காலத்தில் மேகம் மலையின் பாதி வரை இறங்கி நிற்கும். வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், முன்கூட்டிச் சொன்னால் மதியம் நெய்ச்சோறும் தாளிச்சாவும் எங்கள் அடுப்பிலிருந்து வரும். உணவு ஹலால்; சைவமும் சமைப்போம்.

முன்பதிவுக்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

குளியலறை: அறையோடு இணைந்தது, 4 அடிக்கு 6 அடி. நாற்காலி வகைக் கழிப்பறை, கைத்தெளிப்பான். நடுவே தடுப்பில்லை, குளித்தால் தரை நனையும். கொதிகலனில் ஒரு தடவைக்கு 2 வாளி வெந்நீர். அடுத்ததற்கு 20 முதல் 30 நிமிடம். காலையில் விறகடுப்பு அண்டாவில் வேண்டிய அளவு வெந்நீர் உண்டு. மின்சாரம் நின்றால் குழாயில் தொட்டி நீர் வரும். வெளிச்சத்துக்கு மின்கல விளக்கு தருவோம்.

ஓசை: இரவு 10 முதல் 4 வரை வண்டி ஓசை இல்லை, மழைக்காலத்தில் தவளைகள் உண்டு. 4 மணிக்குச் சேவல், 5 மணியளவில் பள்ளிவாசலின் பாங்கு, விடியலில் மயில்கள். ஆடிக் காற்றில் ஓடுகள் ஓசையிடும். விடிந்த பின்னும் நெடுநேரம் உறங்க விரும்புபவருக்கு எங்கள் வீடு ஏற்றதன்று. கோயில் கொடை, கல்யாண நாள்களை முன்கூட்டியே தெரிவிப்போம், நாளை மாற்றிக்கொள்ளலாம்.

வழி: செங்கோட்டை ரயில் நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர், ஆட்டோவில் 25 நிமிடம். தென்காசியிலிருந்து காரில் அதிகாலை 35, பகலில் 50, சாரல் காலத்து ஞாயிறு மாலை 75 நிமிடம். பேருந்தில் ஒன்றரை மணி. குற்றாலம் 40 நிமிடம். கூட்ட நாளில் 2 மணி வரை. கடைசி 600 மீட்டர் 7 அடித் தெரு. பெரிய கார் பள்ளிவாசல் மைதானத்தில் நிற்க வேண்டும், பெட்டிகளை நாங்கள் எடுத்து வருவோம்.

படிகள்: தெருவிலிருந்து திண்ணைக்கு 3, திண்ணையிலிருந்து அறைக்கு 1. முழங்கால் வலி உள்ளவர்கள் எங்களைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்."

லாத்தா இதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏற்றதன்று" என்ற சொல் அவருக்கு உறுத்தியது. "வராதீங்கன்னு நாமளே சொல்லலாமா தம்பி?" என்றார். "லாத்தா, எல்லாரையும் வரச் சொன்னதாலதானே அந்தம்மா மழையில போனாங்க?" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சரி, இருக்கட்டும். ஆனா இடியாப்பத்தோட கறி ஆணத்தையும் போடு" என்றார். போட்டேன்.

முதல் மாதத்தில் விசாரிப்புகள் குறைந்தன. அதை லாத்தாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். முகவரின் விளம்பரத்துக்கு வந்த அழைப்புகளில் பாதி, "அட்டாச்டு பாத்ரூம்தானே? கார் வீட்டு வாசலுக்கு வருமா?" என்ற கேள்விகள்தாம். அவை நின்றுபோயின. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த இடத்தில் விளம்பரம் தெளிவாக இல்லை என்று பொருள். கைப்பேசிக்கு எங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் சமிக்ஞை கிடைக்கும் என்று 4 பேர் கேட்ட பிறகு அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.

மதுரையிலிருந்து ஒரு முதிய தம்பதியர் அழைத்து, படிகளின் உயரத்தைக் கேட்டார்கள். லாத்தா நாடாவால் அளந்து, ஒவ்வொன்றும் 8 அங்குலம் என்று சொன்னார். தங்களால் இயலாது என்று நன்றி கூறி வைத்துவிட்டார்கள். அன்று ஒரு முன்பதிவு கைநழுவியதாக மச்சான் வருந்தினார். நான் அதை விளம்பரம் தன் வேலையைச் செய்ததாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவர்களுடைய மகனின் குடும்பம் வந்து 3 நாள் தங்கியது. பெற்றோர்தாம் இந்த வீட்டைச் சொன்னார்களாம்.

வந்தவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளில் சேவலும் அண்டா வெந்நீரும் குறுகிய தெருவும் இன்றும் இடம்பெறுகின்றன. ஆனால் அவை இப்போது புகாராக இல்லை. "சொன்னபடியே இருந்தது" என்பதுதான் அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் தொடர். விளம்பரத்துக்கும் வீட்டுக்கும் உள்ள பொருத்தத்துக்குத் தளங்கள் தனியாக மதிப்பெண் கேட்கின்றன. பளபளப்பான விடுதியோடு வசதியில் போட்டியிட இயலாத ஒரு கிராமத்து வீடு முழு மதிப்பெண் பெறக்கூடிய இடம் அது.

பருவத்துக்கு ஒரு முறை லாத்தா அந்த வாசகத்தை எடுத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கோடையில் கிணறு தாழ்ந்தபோது, குளியலுக்கு ஆளுக்கு 2 வாளி என்று ஒரு வரி ஏறியது. மழை வந்ததும் இறங்கியது. சென்ற மாதம் பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிட்டார்களாம். "அஞ்சு மணிக்கு இப்ப அவ்வளவு சத்தமில்ல தம்பி, அந்த வரியைக் கொஞ்சம் மாத்தணுமே" என்று அழைத்தார். அடுத்த முறை போகும்போது வயல் பக்க அறையில் ஓர் இரவு படுத்துக் கேட்டுவிட்டு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன்.